அரைப்புள்ளியைத் தொடாதீர்கள்

ஆங்கில ஆவணப்படங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறவன் நான். படத்தில் யார் எந்த நொடியில் வாய் திறக்கிறாரோ அந்த நொடியில் தமிழ் வசனம் தொடங்கவேண்டும். அதற்காக ஸ்கிரிப்டின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்கும். அதைத்தான் டைம்கோடு என்கிறோம். சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் தயாரான ஒரு 44 நிமிடப் படம் வந்தது. அதன் ஸ்கிரிப்டில் எண்கள் இப்படி இருந்தன: 01:12:34;15. கடைசி எண்ணுக்கு முன்னால் மட்டும் அரைப்புள்ளி, மற்ற இடமெல்லாம் முக்காற்புள்ளி. யாரோ அவசரத்தில் தட்டிய பிழை என்று நினைத்தேன். ஒரே கட்டளையில் எல்லா அரைப்புள்ளிகளையும் முக்காற்புள்ளியாக மாற்றி, சுத்தமாக்கிவிட்ட திருப்தியோடு ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து ரெக்கார்டிஸ்ட் தம்பி போன் செய்தார். "சார், ஆரம்பத்துல எல்லாம் பிரமாதமா உட்காருது. போகப் போக வாய் முன்னாடி போகுது, பேச்சு பின்னாடி வருது. கடைசியில அந்த அம்மா பேசி முடிச்சுட்டு எழுந்து போறாங்க, நம்ம குரல் இன்னும் பேசிட்டு இருக்கு."

இந்தக் கட்டுரை அந்த அரைப்புள்ளியைப் பற்றியது. அதற்கு முன் டைம்கோடைப் படிக்கத் தெரியவேண்டும்.

01:12:34:15 என்பதில் முதல் இரண்டு இலக்கம் மணி, அடுத்தது நிமிடம், அடுத்தது நொடி. இதுவரை சுவர்க்கடிகாரம்தான். கடைசி இரண்டு இலக்கம்தான் புதியது. அது நொடியின் பின்னம் அல்ல, ஃப்ரேமின் எண். வீடியோ என்பது வேகமாக மாறும் நிற்கும் படங்கள். அந்த நொடிக்குள் இது எத்தனையாவது படம் என்று கடைசி எண் சொல்கிறது. எண்ணிக்கை 00-இல் தொடங்கும். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 ஃப்ரேம். அதனால் 24-க்குப் பிறகு 25 வராது. நொடி ஒன்று கூடி, ஃப்ரேம் மீண்டும் 00 ஆகும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 29 வரை போகும்.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். :15 என்பதைப் பார்த்ததும் 'பாயிண்ட் ஒன் ஃபைவ்' நொடி என்று படிக்கிறார்கள். 25 ஃப்ரேம் கணக்கில் 15 ஃப்ரேம் என்றால் 0.6 நொடி, அரை நொடிக்கும் மேல். கழித்தலிலும் இதே சிக்கல். ஒரு வசனம் 00:12:34:20-இல் தொடங்கி 00:12:37:05-இல் முடிகிறது என்று வையுங்கள். 5-இலிருந்து 20 போகாது, பக்கத்து நொடியிடம் கடன் வாங்கவேண்டும். அந்த நொடி எத்தனை ஃப்ரேம் தரும் என்பது படத்தின் கணக்கைப் பொறுத்தது. 25 என்றால் வசனத்தின் நீளம் 2 நொடி 10 ஃப்ரேம். 30 என்றால் 2 நொடி 15 ஃப்ரேம். எண்கள் அதேதான், விடை மாறுகிறது. ஆகவே ஃப்ரேம் கணக்கு என்னவென்று தெரியாமல் டைம்கோடை வைத்துக் கணக்குப் போடவே கூடாது.

மணிக்கான இடத்தில் 01 ஏன் என்றும் கேட்பார்கள். படம் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது என்று பொருளல்ல. நிகழ்ச்சிக்கு முன்னால் வண்ணப் பட்டைகள், சோதனை ஒலி, பெயர்ப் பலகை எல்லாம் வரும். நிகழ்ச்சியைச் சுழியத்தில் தொடங்கினால் இவை 23 மணி 58 நிமிடம் என்று முந்தைய நாளுக்குள் போய் விழும். அதைத் தவிர்க்க நிகழ்ச்சியை ஒரு மணியில் தொடங்குவது வழக்கம். சினிமாவில் இதை இன்னும் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள்: முதல் ரீல் 01, இரண்டாவது ரீல் 02 என்று. மணியைப் பார்த்தாலே எந்த ரீல் என்று தெரிந்துவிடும்.

இதிலிருந்து ஒன்று புரியும். டைம்கோடு கடிகாரம் போலத் தோற்றமளிக்கும் விலாசம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு கதவு எண். விலாசத்தையும் நேரத்தையும் ஒன்றென்று நினைப்பதில் நம் ஊரில் ஆபத்தில்லை. நொடிக்குச் சரியாக 25 ஃப்ரேம் ஓடுகிறது, 25 எண்ணி ஒரு நொடி கூட்டுகிறோம், கதவு எண்ணும் கடிகாரமும் ஒன்றாகவே நகர்கின்றன. அமெரிக்காவில் அப்படி இல்லை. அதற்குக் காரணம் 1953.

அதற்கு முன் அங்கே கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி நொடிக்குச் சரியாக 30 ஃப்ரேம் ஓடியது. அவர்களுடைய மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, அதில் பாதி 30. (நமக்கு 50 சுழற்சி, ஆகவே 25.) பிறகு வண்ணம் வந்தது. வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் வண்ண ஒளிபரப்பைக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. அதனால் வண்ணத் தகவலைப் பழைய சிக்னலுக்குள்ளேயே இன்னோர் அலையாகச் செருகினார்கள். படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலிக்கான அலை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. புதிதாக வந்த வண்ண அலையும் அதுவும் உரசினால் திரையில் கோலம்போல ஒரு வடிவம் தெரியும் என்று கண்டார்கள். ஒலியை நகர்த்தினால் பழைய பெட்டிகளில் சிக்கல் வரலாம் என்று பயம். ஆகவே படத்தின் வேகத்தைத் துளி குறைத்தார்கள். 1001 பங்கில் ஒரு பங்கு. 30 ஃப்ரேம் 30000/1001 ஆனது, அதாவது சுமார் 29.97.

யாருடைய கண்ணுக்கும் அந்த வேறுபாடு தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அப்போது ஃப்ரேம்களை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் வீடியோ டேப்பை மின்னணு முறையில் எடிட் செய்யத் தொடங்கியபோதுதான் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எண் தேவைப்பட்டது. அமெரிக்காவின் எஸ்.எம்.பி.டி.இ. என்ற திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் அந்த எண்களுக்கு ஒரு பொது முறையை வகுத்தது. அப்போது பழைய துளி வெளியே வந்தது.

ஃப்ரேமுக்கு 29.97 என்று எண் கொடுக்க முடியாது. முழு எண்தான் கொடுக்கமுடியும். எனவே 30 எண்ணி ஒரு நொடி கூட்டினார்கள். ஆனால் அந்த 30 ஃப்ரேம் ஓடி முடிய உண்மையில் ஒரு நொடிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அதிகம் பிடிக்கிறது. டைம்கோடு 'ஒரு மணி' என்று காட்டும்போது சுவர்க்கடிகாரம் ஒரு மணியும் 3.6 நொடியும் காட்டும். விளம்பரத்தை நொடிக் கணக்கில் விற்கும் தொலைக்காட்சி நிலையத்துக்கு 3.6 நொடி சின்ன விஷயமில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சி என்று டைம்கோடை நம்பி வெட்டிக்கொடுத்தால், அது அடுத்த நிகழ்ச்சியின் தலையில் 3.6 நொடி ஏறி உட்காரும்.

இதற்குக் கண்ட மருந்துதான் டிராப்-ஃப்ரேம். பெயர் வைத்தவரை நான் மன்னிக்கவே மாட்டேன். இதைக் கேட்டதும் ஃப்ரேமைத் தூக்கி எறிகிறார்கள், படம் வெட்டுப்படுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு ஃப்ரேமும் போவதில்லை. விடப்படுவது எண் மட்டும். சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கதவில் 'பழைய எண் 14, புதிய எண் 29' என்று எழுதியிருக்கும். எண் மாறியதால் வீடு இடம் பெயரவில்லை, தெருவும் நீளவில்லை. தெருவில் எண்கள் 14-இலிருந்து 17-க்குத் தாவினால் இடையில் இரண்டு வீட்டை இடித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

தாவும் விதி இது. ஒவ்வொரு நிமிடமும் பிறக்கும்போது 00, 01 என்ற இரண்டு ஃப்ரேம் எண்களை விட்டுவிட்டு நேரே 02-க்குப் போகவேண்டும். ஆனால் பத்தால் வகுபடும் நிமிடங்களில், அதாவது 00, 10, 20, 30, 40, 50 ஆகியவற்றில், விடக்கூடாது. நிமிடம் மாறும் இடத்தில் எண்கள் இப்படி நகரும்:

```
00:12:59;28
00:12:59;29
00:13:00;02
00:13:00;03
```

13-ஆம் நிமிடத்தில் ;00, ;01 என்ற கதவு எண்களே கிடையாது. 19-இலிருந்து 20-ஆம் நிமிடத்துக்குப் போகும்போது மட்டும் தாவல் இல்லாமல் 00:20:00;00 என்று ஒழுங்காக வரும்.

பத்துக்கு ஒருமுறை ஏன் இந்தச் சலுகை? கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். பத்து நிமிடத்தில் உண்மையாக ஓடுவது 17,982 ஃப்ரேம். நொடிக்கு முப்பதாக எண்ணினால் 18,000. மிச்சம் 18. ஒன்பது நிமிடங்களில் இரண்டிரண்டாக விட்டால் 18 சரியாகத் தீர்ந்துவிடும், பத்தாவதற்கு வேலையில்லை. இரண்டிரண்டாக ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க வண்ண சிக்னல் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் தன் ஒழுங்கை முடிக்கும். ஜோடியாக விட்டால் ஒற்றை, இரட்டை வரிசை கெடாது.

எந்த எண்முறை என்று காட்டத்தான் அந்த அரைப்புள்ளி. அது இருந்தால் டிராப்-ஃப்ரேம், முக்காற்புள்ளி இருந்தால் நான்-டிராப். சில மென்பொருட்கள் நான்கு எண்களுக்கு இடையிலும் அரைப்புள்ளியே போடும், சில கடைசியில் மட்டும். அச்சில் அவ்வளவு சின்ன அடையாளம். அதைத்தான் நான் துடைத்திருந்தேன்.

ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்று இப்போது கணக்காகவே பார்க்கலாம். நான் அனுப்பிய ஸ்கிரிப்டில் முக்காற்புள்ளியைப் பார்த்த ரெக்கார்டிஸ்ட் தம்பி தன் கணினியில் 29.97 நான்-டிராப் என்று வைத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. படத்தின் முதல் ஃப்ரேமை 01:00:00:00-இல் வைத்தார். இரண்டு முறைகளும் அந்தப் புள்ளியில் ஒன்றுதான். ஐந்தாம் நிமிடத்துக்குள் டிராப்-ஃப்ரேம் எண்கள் ஐந்து முறை தாவி, 10 எண் முன்னால் போயிருக்கும். ஸ்கிரிப்டில் 01:05:20 என்று இருக்கும் வசனத்தைத் தம்பி தன் 01:05:20-இல் வைத்தால் அது 10 ஃப்ரேம் தாமதமாக விழும். நொடியில் மூன்றில் ஒரு பங்கு. பின்னணி விவரிப்பில் யாருக்கும் உறுத்தாது. 12-ஆம் நிமிடத்தில் 22 ஃப்ரேம். 43-ஆம் நிமிடத்தில், இடையில் 10, 20, 30, 40 ஆகிய நான்கையும் கழித்து 39 தாவல், ஆக 78 ஃப்ரேம். அதாவது 2.6 நொடி. அந்த அம்மா எழுந்து போன பிறகும் குரல் கேட்டது இதனால்தான்.

நாங்கள் இதை உடனே கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமையடிக்க முடியாது. முதலில் தம்பி எல்லா வசனத்தையும் ஒரு நொடி முன்னால் இழுத்துப் பார்த்தார். நடுப்பகுதி ஓரளவு ஒத்துவந்தது, ஆரம்பம் கெட்டது, கடைசி இன்னும் கெட்டே இருந்தது. அந்தத் தோல்வியே ஒரு தகவல்தான். பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் தொடக்கப் புள்ளியைத் தவறாக வைத்திருக்கிறோம் என்று பொருள். போகப் போக வளர்ந்தால் எண்முறையோ வேகமோ தவறு.

வளர்கிற வேகத்திலிருந்தும் நோயைச் சொல்லலாம். மணிக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் விலகினால் 24 ஃப்ரேமும் 25 ஃப்ரேமும் கலந்துவிட்டன. மணிக்கு மூன்றரை நொடிபோல விலகினால் இரண்டு பேர்மேல் சந்தேகம் போகும். ஒருவர் நம் டிராப்-ஃப்ரேம். இன்னொருவர், 29.97-இல் ஓடவேண்டியதை 30-இல் ஓட்டியதால் வரும் உண்மையான வேகப் பிழை. அதுவும் ஆயிரத்தில் ஒன்றுதான், 43 நிமிடம் 20 நொடியில் அதுவும் 2.6 நொடிதான். காதால் கேட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. தம்பி வேகப் பிழை என்று முடிவு செய்து ஒலியை நீட்டிக் குறுக்கத் தயாராகிவிட்டார்.

அவரை நிறுத்தியது படத்தின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த எண்தான். டப்பிங்குக்கு வரும் பிரதிகளில் டைம்கோடைப் படத்தின்மேலேயே பதித்து அனுப்புவார்கள். ஸ்டூடியோவுக்கே வந்திருந்த ஒரு பழைய எடிட்டர், "ஒவ்வொரு ஃப்ரேமா தட்டு, நிமிஷம் மாறுற இடத்துல நிறுத்து தம்பி" என்றார். தட்டினார். 01:12:59;29. அடுத்த தட்டில் 01:13:00;02. படத்தில் காற்றில் பறந்துகொண்டிருந்த துணி ஒரு தாவலும் இல்லாமல் சீராக அசைந்தது. எண் மட்டும் தாவியது. எடிட்டர் என்னைப் பார்த்து, "ஸ்கிரிப்ட்ல இருந்த செமிகோலன் எங்க சார்?" என்று கேட்டார். அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

தம்பி அமைப்பில் நான்-டிராப் என்பதை டிராப் என்று மாற்றினார். சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். ஆகவில்லை. மென்பொருளில் அந்த அமைப்பை மாற்றினால் மேலே ஓடும் எண்கள்தான் மாறும். ஏற்கெனவே வைத்த ஒலித்துண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பெயர்ப் பலகையை மாற்றினால் வீடு நகருமா? ஒவ்வொரு வசனத்தையும் ஸ்கிரிப்டைப் பார்த்து மறுபடி அதன் எண்ணில் கொண்டுபோய் வைக்கவேண்டியிருந்தது. அன்று இரவு டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அன்றிலிருந்து அமெரிக்க ஸ்கிரிப்ட் எது வந்தாலும், அரைப்புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சோதனை செய்கிறேன். பத்தால் வகுபடாத நிமிடத்தில் 00 நொடி, 00 அல்லது 01 ஃப்ரேம் என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடுவேன். 01:07:00:01 என்று ஒரு வரி கிடைத்தால் போதும், அந்த ஸ்கிரிப்ட் நான்-டிராப். டிராப்-ஃப்ரேமில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. 01:10:00:00 கிடைத்தால் அது எதையும் நிரூபிக்காது, இரண்டிலும் அது உண்டு. அப்படிப்பட்ட வரியே கிடைக்காவிட்டாலும் ஒன்றும் நிரூபணமாகாது. பதித்த எண்ணோடு வந்த படத்தில் நிமிடம் மாறும் இடத்தைத் தட்டிப் பார்க்கவேண்டியதுதான்.

நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு மட்டும் வேலை செய்பவர் இதை ஒருமுறைகூடச் சந்திக்காமல் ஓய்வு பெறலாம். 25-க்கு டிராப்-ஃப்ரேம் கிடையாது, தேவையும் இல்லை. 24 ஃப்ரேம் சினிமாவுக்கும் இல்லை. அமெரிக்கர்கள் 24-ஐயும் அதே ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 23.976 என்று ஓட்டுகிறார்கள். அதற்கு டைம்கோடு நான்-டிராப் மட்டுமே, ஆகவே அதில் 'ஒரு மணி' என்றால் உண்மையில் ஒரு மணியும் 3.6 நொடியும்தான் என்று தெரிந்தே வேலை செய்யவேண்டும். டிராப்-ஃப்ரேம் 29.97-க்கும், அதன் இரட்டிப்பான 59.94-க்கும் உரியது, இரண்டாவதில் நிமிடத்துக்கு நான்கு எண்கள் விடப்படும்.

ஆனால் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும். பல கேமராக்களில் மெனுவில் PAL, NTSC என்று இரண்டு உண்டு. NTSC-இல் வைத்துவிட்டால் 29.97 வந்துவிடும், கூடவே DF, NDF என்ற தேர்வும் வரும். இரண்டு கேமராவில் ஒன்று DF, மற்றது NDF என்று இருந்தால், முகூர்த்தத்துக்குக் காலையில் ஒன்றாகத் தொடங்கிய எண்கள் பந்தி முடியும்போது பல நொடி பிரிந்திருக்கும். காட்சியும் ஒலியும் கெட்டிருக்காது. எண்ணை நம்பி இரண்டையும் பொருத்தினால்தான் வம்பு. எடிட்டிங்கில் பிரீமியர் பயன்படுத்துபவர்கள் 29.97 fps Drop-Frame Timecode, 29.97 fps Non-Drop-Frame Timecode என்று இரண்டு வரிகளைப் பார்த்திருப்பார்கள். எதைத் தேர்ந்தாலும் படம் ஒன்றுதான், எண்தான் வேறு. நிகழ்ச்சியின் நீளத்தைக் கடிகார நேரத்தில் சொல்லவேண்டும் என்றால் முதலாவது. துண்டுகளின் ஃப்ரேம்களைத் தாவல் இல்லாமல் எண்ணிக் கழிக்கவேண்டும் என்றால் இரண்டாவது சௌகரியம். வேலை கொடுத்தவர் எதைக் கேட்டிருக்கிறார் என்பது இந்த இரண்டுக்கும் மேலே.

இவ்வளவு விட்டும் தாவியும் கணக்கு முழுதாக நேராகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணியில் விடப்படுவது 108 எண்கள். உண்மையில் விடவேண்டியது அதைவிட ஒரு ஃப்ரேமில் பத்தில் ஒரு பங்கு குறைவு. 24 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் நிலையத்தில் இது சேர்ந்து சேர்ந்து சுமார் இரண்டரை ஃப்ரேம் ஆகிறது. அதைத் தீர்க்க எண் எதையும் விடுவதில்லை. நாளுக்கு ஒருமுறை டைம்கோடை உண்மையான கடிகாரத்தோடு மறுபடி சேர்த்துவைக்கிறார்கள்.